பன்னாட்டுப் பள்ளிக்கு விண்ணப்பக் கடிதம்: 11 அனுப்பியும் ஒரு அழைப்பு இல்லை, எங்கே இடிக்கிறது?

ஊசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 9 வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். முதல் 6 வருடம் தேசிய வாரியப் பாடத்திட்டத்தில் 11, 12ஆம் வகுப்புகள். கடைசி 3 வருடம் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ, 9, 10ஆம் வகுப்புகள். எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் உண்டு.

இந்தப் பருவத்தில் வெளிநாட்டுப் பன்னாட்டுப் பள்ளிகளுக்கு 11 விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் இரண்டு வரியில் மறுத்துவிட்டார்கள். சிவியை இரண்டு பேர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தேகம் அதோடு போகும் கடிதத்தின் மேல்தான். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகிறது. இங்கே பேச வசதியாக அதைத் தமிழில் போடுகிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> பெருமை வாய்ந்த தங்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். 9 ஆண்டு அனுபவமும் அர்ப்பணிப்பும் கொண்ட ஆசிரியர் நான். மாணவர் மையக் கற்பித்தலில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவள். ஒவ்வொரு குழந்தையும் தனித்தன்மை கொண்டது என்பதை உணர்ந்து, தேடல் வழிக் கற்றலையும் தொழில்நுட்பத்தையும் இணைத்து வகுப்புகளை நடத்துகிறேன். என் மாணவர்கள் தொடர்ந்து 100% தேர்ச்சி பெற்று வருகிறார்கள். ஐபி பாடத்திட்டத்தில் பணியாற்ற மிகுந்த ஆர்வமாக உள்ளேன். வாய்ப்பளித்தால் பள்ளியின் வளர்ச்சிக்கு என்னால் இயன்ற பங்கை ஆற்றுவேன்.

இதில் என்ன குறை என்று தயங்காமல் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

கரும்பலகை

குறை ஒன்றும் பெரிதாக இல்லை, போதவில்லை, அவ்வளவுதான். ஐபி பள்ளிக்குப் போகிறீர்கள், ஆனால் ஐபி வாசனையே கடிதத்தில் இல்லை. லேர்னர் புரொஃபைல், ஏடிஎல், டிஓகே இணைப்பு, இன்டர்னல் அசெஸ்மென்ட் எல்லாம் வர வேண்டும். ஐபியின் 11, 12ஆம் வகுப்புத் திட்டமான டிபியில், இயற்பியலுக்கு ஐஏ 12 பக்கம், பெர்சனல் எங்கேஜ்மென்ட்டில் தொடங்கி 5 அளவுகோல். அதையெல்லாம் அறிந்தவர் என்று காட்டுங்கள். இரண்டு பக்கம் வரை தாராளமாகப் போகலாம்.

இன்னொன்று. "டிபியில் அனுபவம் உண்டு" என்று மேலோட்டமாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எல்லோரும் செய்வதுதான். நேர்காணல் வரை போனால் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம்.

விடுமுறைப்பறவை

நல்ல இழை. எனக்கும் இதே குழப்பம். சான்றிதழ் அட்டெஸ்டேஷனைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டுமா, வேலை கிடைத்த பிறகு போதுமா? பாஸ்போர்ட் எண்ணைக் கடிதத்தின் மேலே போடச் சொல்கிறார் என் நண்பர்.

ஊசல்

விடுமுறைப்பறவை, நான் கேட்டது கடிதத்தில் என்ன எழுதுவது என்று. அட்டெஸ்டேஷன் வேறு கதை, தனி இழை போடுங்கள்.

கரும்பலகை சார், நன்றி. ஆனால் டிபி நான் நடத்தியதே இல்லை. உண்டு என்று எப்படி எழுதுவது?

மணிக்கூண்டு

எழுதாதீர்கள். 7 வருடம் டிபி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். அறிவியல் ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து இந்தக் கடிதங்களை மூட்டை மூட்டையாகப் படித்திருக்கிறேன். "டிபி அனுபவம் உண்டு" என்று எழுதியவரிடம் முதல் கேள்வியே "கடைசியாக எந்தத் தலைப்பில் ஐஏ வழிநடத்தினீர்கள், மாணவர் எங்கே திணறினார்?" என்பதுதான். நடத்தாதவர் பதில் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவர் சொல்லும் உண்மைகளும் பொய்யாகவே கேட்கும்.

கரும்பலகை சொன்ன 12 பக்கமும் 5 அளவுகோலும் பழைய கையேட்டில் இருந்தவை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் கையேடு மாறி, 2025 தேர்வு எழுதிய மாணவர்களிலிருந்து புதியது நடப்பில் இருக்கிறது. இப்போது பக்கக் கணக்கு இல்லை, 3000 சொல் வரம்பு. அளவுகோல் 4, ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண், ஆக மொத்தம் 24. இறுதி மதிப்பெண்ணில் 20%. பெர்சனல் எங்கேஜ்மென்ட் என்ற அளவுகோலே போய்விட்டது. இதைப் பழையபடி எழுதினால், அந்தப் பாடத்தின் துறைத் தலைவர் படிக்கும்போது "எங்கோ பார்த்து எழுதியிருக்கிறார்" என்று புரிந்துவிடும். தெரியாததை எழுதாமல் விட்டால் நஷ்டமில்லை. தவறாக எழுதினால் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். அதை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். "இயற்பியல்" என்பதை அழித்துவிட்டு "வரலாறு" என்று போட்டுப் பாருங்கள். ஒரு வரியும் மாற்ற வேண்டியிருக்காது. அதுதான் கோளாறு. மாணவர் மையம், தனித்தன்மை, தேடல் வழி என்று எழுதாத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. படிக்கும் எங்களுக்கு அந்தச் சொற்கள் கண்ணில் படுவதே இல்லை.

தலைமையாசிரியர் முதல் பத்தியில் மூன்றே விஷயம் தேடுகிறார். எந்தப் பாடம், எந்த வகுப்புகள். ஆசிரியப் பயிற்சித் தகுதி இருக்கிறதா. எப்போது சேர முடியும். உங்கள் கடிதத்தில் முதலாவது பாதிதான் இருக்கிறது, மற்ற இரண்டும் இல்லவே இல்லை. பி.எட். சிவியில் இருக்கிறதே என்பீர்கள். விசா விதிக்காகவும் உரிமத்துக்காகவும் பல பள்ளிகள் முதலில் கழித்துக்கட்டுவதே அதை வைத்துத்தான். தேட வைக்காதீர்கள். மேலே "ஐயா / அம்மா" என்று சாய்கோடு போட்டதும் சுற்றறிக்கை போல இருக்கிறது. தலைமையாசிரியர் பெயர் பள்ளியின் தளத்திலேயே இருக்கும்.

100% தேர்ச்சியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் வகுப்பில் நீங்கள் நடத்திய ஒரு பாடத்தை, நடந்தது நடந்தபடி இங்கே எழுதுங்களேன். கடித நடை வேண்டாம். சக ஆசிரியரிடம் ஓய்வறையில் சொல்வது மாதிரி.

ஊசல்

எழுதிப் பார்க்கிறேன் சார். பெயருக்கு ஏற்றாற்போல ஊசல் பாடமே.

9ஆம் வகுப்பு, 22 பேர், 7 குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 50 செ.மீ. நூல், ஒரு குண்டு, ஒரு நிறுத்துக்கடிகாரம். "ஒரு அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று அளந்து பலகையில் எழுதுங்கள்" என்று மட்டும் சொல்வேன். எப்படி அளப்பது என்று சொல்ல மாட்டேன். பலகையில் 1.2, 1.6, 1.3, 1.7 என்று ஏழு விதமாக வரும். எல்லோருக்கும் ஒரே நீள நூல்தானே, ஏன் ஏழு விடை என்று கேட்டுவிட்டு அமைதியாக நிற்பேன். கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள். பிறகு யாராவது ஒருத்தி, "மிஸ், என் விரல் அமுக்குவதற்குள் ஊசல் போய்விடுகிறது" என்பாள். அப்படியானால் என்ன செய்யலாம் என்பேன். 20 அலைவுக்கு அளந்து 20ஆல் வகுக்கலாம், விரல் பிந்துகிற பிசகும் 20ஆகப் பிரிந்துவிடும் என்பதற்கு அவர்களே வந்துவிடுவார்கள். இரண்டாம் முறை எல்லாக் குழுவும் 1.40க்கும் 1.44க்கும் நடுவில் வந்து நிற்கும்.

போன வருடம் ஒரு குழுவுக்கு மட்டும் 1.35 வந்தது. மூன்று முறை அளந்தும் அதே 1.35. "மூன்று தடவையும் ஒரே விடை, எங்களுடையதுதான் சரி" என்று அடம் பிடித்தார்கள். நான் தீர்ப்பு சொல்லவில்லை. பக்கத்துக் குழுவை அவர்கள் அளப்பதைப் பார்க்கச் சொன்னேன். குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குகிறார்கள், அதனால் 20 என்று நிறுத்தும்போது 19தான் முடிந்திருக்கிறது என்று பக்கத்துக் குழுப் பையன் கண்டுபிடித்தான். 19ஐ 1.42ஆல் பெருக்கி 20ஆல் வகுத்துப் பார்த்தால் சரியாக 1.35. வகுப்பே கைதட்டியது. திரும்பத் திரும்ப ஒரே விடை வந்தாலும் தவறாக இருக்கலாம் என்பதை அன்றைக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மணிக்கூண்டு

இதைத்தானே அம்மா எழுதியிருக்க வேண்டும்! அந்த 1.35 குழுதான் உங்கள் கடிதம். இதை யாரும் எங்கிருந்தும் எடுத்து எழுத முடியாது.

பாருங்கள், தேடல் வழிக் கற்றல் என்ற சொல்லே இல்லாமல் அது இருக்கிறது. நீங்கள் எங்கே பேசாமல் நிற்கிறீர்கள், எங்கே கேட்கிறீர்கள், தவறு செய்த குழுவை எப்படி அவமானப்படுத்தாமல் விட்டீர்கள் என்பதெல்லாம் தெரிகிறது. கூடவே பாடத்திட்டமும் தெரிகிறது. ஊசலின் நேரத்தைப் பல அலைவுகளை அளந்து காண்பது ஐஜிசிஎஸ்இ இயற்பியலின் 0625 பாடத்திட்டத்தின் முதல் பகுதியிலேயே இருக்கிறது. ஐபியில் டிபிக்கு முந்தைய திட்டமான எம்ஒய்பியின் அறிவியலில் ஆய்வை வடிவமைப்பது பி அளவுகோல், தரவை அலசி மதிப்பிடுவது சி அளவுகோல். உங்கள் பாடம் இரண்டையும் தொடுகிறது. டிபி ஐஏவில் புதிய 4 அளவுகோலில் ஒன்று ஆய்வு வடிவமைப்பு, கடைசியானது மதிப்பீடு. முறைப்பிழையையும் தற்செயல் பிழையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிற இடம் அதுதான். 9ஆம் வகுப்பிலேயே அதற்கு அடித்தளம் போடுகிறவர் என்றால் டிபி துறைத் தலைவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் ஒன்று: இவ்வளவு நீளமும் கடிதத்தில் போகாது. 5, 6 வரிக்குச் சுருக்குங்கள். 1.35ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். சுருக்கும்போது எல்லோரும் முதலில் வெட்டுவது அந்த மாதிரி எண்களைத்தான்.

கரும்பலகை

கையேடு மாறியது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். நான் டிபி நடத்தி 4 வருடம் ஆகிறது. ஆனாலும் மணிக்கூண்டு சார், எல்லாப் பள்ளியிலும் உங்களைப் போல உட்கார்ந்து படிக்கிறார்களா? பெரிய பள்ளிக் குழுமங்களில் முதலில் மனிதவளத் துறையில் யாரோ ஒருவர்தான் வடிகட்டுகிறார். அவருக்கு 1.35 என்றால் என்ன தெரியும்? ஐபி, எம்ஒய்பி, டிபி என்று சொல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

மணிக்கூண்டு

அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்குத்தான் முதல் பத்தி. விளம்பரத்தில் எந்தச் சொல்லால் இடத்தைக் குறித்திருக்கிறார்களோ அதே சொல்லால் எழுதுங்கள். பாடம், வகுப்பு, பாடத்திட்டம், தகுதி அங்கேயே வந்துவிடும். வடிகட்டுகிறவருக்கு அது போதும். இரண்டாம் பத்தி துறைத் தலைவருக்கு.

நிலாமுற்றம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை, பிஒய்பி. குழந்தை பிறந்தபின் இரண்டரை வருடம் வேலையில் இல்லை. கடிதத்தில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிவியிலும் வருடங்களை மட்டும் போட்டு மாதங்களை விட்டுவிட்டேன், இடைவெளி சின்னதாகத் தெரியட்டும் என்று. ஒரு பள்ளி நேர்காணல் வரை வந்தது. அங்கே மாதவாரியாகக் கேட்டார்கள். நான் மென்று விழுங்கினேன். பிறகு பதிலே இல்லை. குழந்தை பெற்றது குற்றமா என்று அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது.

மணிக்கூண்டு

குற்றமே இல்லை அம்மா. அவர்கள் கேட்டது நீங்கள் நினைத்த காரணத்துக்காக இல்லை. குழந்தைகள் பாதுகாப்புக்காக, வேலை வரலாற்றில் இடைவெளி எங்கே இருந்தாலும் விசாரித்துப் பதிவு செய்வது பன்னாட்டுப் பள்ளிகளில் வழக்கம். ஒரு பள்ளியில் ஏதோ தவறு செய்து வெளியேறியவர், அந்தப் பள்ளியின் பெயரையே மறைத்துவிட்டு இன்னொரு நாட்டில் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். இப்போதைய தலைமையாசிரியரின் பரிந்துரை இல்லாமல் வேலை உறுதியாகாததும், வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று கேட்பதும் இதனால்தான். மாதங்களை மறைத்ததுதான் அவர்களை உறுத்தியிருக்கும். "இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தேன்" என்று ஒரு வரி போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

நிலாமுற்றம்

இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். அடுத்த விண்ணப்பத்தில் மாதங்களோடு போடுகிறேன்.

ஊசல்

சார், 100% பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே. அந்த எண்ணை உழைத்துத்தான் வாங்கினேன், வெட்டச் சொன்னால் மனசு கேட்கவில்லை.

மணிக்கூண்டு

உழைப்பைக் குறை சொல்லவில்லை. அந்த எண் படிப்பவருக்கு எதுவும் சொல்லவில்லை. எத்தனை பேர் எழுதினார்கள், வடிகட்டிச் சேர்த்த பிள்ளைகளா, எது தேர்ச்சி என்று எதுவும் தெரியாது. வாரியத்துக்கு வாரியம் தேர்ச்சி என்பதன் பொருளே வேறு. எண் வேண்டும் என்றால், நீங்கள் வந்தபோது எங்கே இருந்தார்கள், முடிவில் எங்கே நின்றார்கள் என்று காட்டும் எண்ணாகப் போடுங்கள். ஐஜிசிஎஸ்இயில் கோர், எக்ஸ்டெண்டட் என்று இருக்கிறதே, அதில் யாரையாவது நகர்த்தினீர்களா?

ஊசல்

ஆமாம்! 10ஆம் வகுப்புத் தொடக்கத்தில் 6 பேரைக் கோருக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். நான் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று கேட்டு வாங்கினேன். அவர்களில் 4 பேர் எக்ஸ்டெண்டட் எழுதினார்கள். 3 பேருக்கு பி கிடைத்தது, ஒருவனுக்கு சி.

மணிக்கூண்டு

கோர் எழுதியிருந்தால் சிக்கு மேல் வாங்கவே வழி கிடையாது. அதனால் அந்த மூன்று பியும் நீங்கள் கேட்டதால் வந்தவை. சி வாங்கிய பையனையும் சேர்த்தே எழுதுங்கள், 4 பேரும் வெற்றி என்று பூசி மெழுகாதீர்கள். அவனால்தான் மற்ற மூன்றும் நம்பும்படி இருக்கிறது. பெயர் மட்டும் வேண்டாம். மாணவர் பெயரோ படமோ விண்ணப்பத்தில் எங்கும் வரக் கூடாது.

பாதிராத்திரி

நானும் கொஞ்சம் சேர்க்கிறேன். வேதியியல் ஆசிரியன். ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன். எம்ஒய்பியில் எனக்கு இருக்கும் அனுபவத்தை ஒரு முழுப் பத்தி பெருமையாக எழுதி ஒரு பள்ளிக்கு அனுப்பினேன். அங்கே எம்ஒய்பியே இல்லை. 10 வரை ஐஜிசிஎஸ்இ, 11, 12 மட்டும் டிபி. பள்ளியின் தளத்தை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூன்றாம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது, மிக மரியாதையாக.

ஊசல், உங்களுக்கு இது நல்ல செய்தி. அந்த மாதிரிக் கலவைப் பள்ளிகள் நிறைய. உங்கள் 3 வருட ஐஜிசிஎஸ்இ அங்கே முதல் நாளே உதவும், டிபியைப் பிறகு தரலாம். முழு ஐபி பள்ளிகளாகப் பார்த்து அனுப்பியிருந்தால் 11க்கு 0 வந்ததில் ஆச்சரியமில்லை.

ஊசல்

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 11இல் 8 முழு ஐபி. பெயரைப் பார்த்து அனுப்பியிருக்கிறேன், பாடத்திட்டத்தைப் பார்க்கவே இல்லை.

பாதிராத்திரி

ஐபியின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு எந்தத் திட்டத்துக்கு அங்கீகாரம் என்று அதில் வரும். "கேண்டிடேட்" என்று சொல்லிக்கொள்ளும் பள்ளி இன்னும் அங்கீகாரம் வாங்கவில்லை. அந்த இடங்களில் புதிதாக வருபவர்களை எடுப்பதும் உண்டு, வேலை மட்டும் முதுகை உடைக்கும்.

ஊசல்

இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினேன். நேற்று பார்த்த ஒரு விளம்பரத்துக்காக எழுதியது. 10 வரை ஐஜிசிஎஸ்இ, பிறகு டிபி என்று இருக்கும் பள்ளி. தமிழில் போடுகிறேன்.

> அன்புள்ள (தலைமையாசிரியர் பெயர்),
>
> ஐஜிசிஎஸ்இ மற்றும் டிபி இயற்பியல் ஆசிரியர் இடத்துக்காக எழுதுகிறேன். எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் முடித்து 9 ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். கடைசி 3 ஆண்டுகள் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ இயற்பியல் (0625), அதற்கு முன் 6 ஆண்டுகள் தேசிய வாரியத்தில் 11, 12ஆம் வகுப்புகள். என் ஒப்பந்தம் ஜூலை இறுதியில் முடிகிறது. ஆகஸ்டில் சேர முடியும்.
>
> சென்ற ஆண்டு என் 9ஆம் வகுப்பில் 50 செ.மீ. ஊசலின் அலைவு நேரத்தை 7 குழுக்கள் அளந்தன. முறையைச் சொல்லித் தராமல் விட்டதால் ஏழு விடைகள் வந்தன. ஏன் என்று விவாதித்து, 20 அலைவுகளை அளந்து வகுக்கும் முறைக்கு மாணவர்களே வந்தார்கள். ஒரு குழு மட்டும் மூன்று முறையும் 1.35 விநாடி என்றது. மற்றவர்களுக்கு 1.42ஐ ஒட்டி வந்தது. விடையைத் திருத்தாமல், இன்னொரு குழுவை அவர்கள் அளப்பதைக் கவனிக்கச் சொன்னேன். குண்டை விடும் கணத்தையே "ஒன்று" என எண்ணியதால் 19 அலைவுகளையே அளந்திருந்தார்கள் என்பதை ஒரு மாணவர் கண்டுபிடித்தார். என் வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: முதலில் அளவு, பிறகு சர்ச்சை, கடைசியில் பெயரும் சூத்திரமும்.
>
> டிபி இயற்பியலை நான் இதுவரை நடத்தியதில்லை. 2025இல் முதல் தேர்வு நடந்த கையேட்டை என் பழைய பாடத் திட்டங்களோடு வைத்துப் படித்தேன். தனிச் சீரிசை இயக்கம், புலங்கள், அணுக்கருப் பகுதி ஆகியவற்றை 11, 12ஆம் வகுப்புகளில் அந்த ஆழத்தில் நடத்தியிருக்கிறேன். எனக்குப் புதியது, மாணவர் தானே கேள்வி அமைக்கும் 3000 சொல் ஆய்வை வழிநடத்துவது. முதல் ஆண்டில் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து அதைச் செய்ய விரும்புகிறேன்.
>
> சென்ற ஆண்டு கோர் தாளுக்கு என ஒதுக்கப்பட்டிருந்த 6 மாணவர்களில் 4 பேர் எக்ஸ்டெண்டட் எழுதினார்கள். 3 பேர் பி, ஒருவர் சி பெற்றார்கள். என் தற்போதைய தலைமையாசிரியரை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் தொடர்புகொள்ளலாம். என் பணி வரலாற்றில் இடைவெளி இல்லை.

கரும்பலகை

நேர்மையாகச் சொல்கிறேன், முதல் கடிதத்தை எழுதியவரும் இவரும் ஒருவரா என்று இருக்கிறது. ஆனால் "டிபி நடத்தியதில்லை" என்பதை அப்படியே போட்டு உடைப்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. சிவியில் தெரியத்தானே போகிறது, கடிதத்தில் நாமே எதற்குச் சொல்ல வேண்டும்?

மணிக்கூண்டு

சிவியில் தெரியப்போகிறது என்பதால்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கண்டுபிடித்தால் குறை. நீங்களே சொல்லி, எது தெரியும், எது புதிது என்று பிரித்துக் காட்டினால் அது திட்டம். டிபி நடத்தாதவரை எடுக்கவே மாட்டோம் என்ற பள்ளி எப்படியும் எடுக்கப்போவதில்லை. பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பி எடுக்கலாம் என்று யோசிக்கும் பள்ளிக்கு இந்தப் பத்திதான் தேவை.

இரண்டு திருத்தம். "புலங்கள், அணுக்கருப் பகுதி அந்த ஆழத்தில்" என்றீர்களே, ஹையர் லெவலா ஸ்டாண்டர்டு லெவலா என்று கேட்பார்கள். ஸ்டாண்டர்டு 150 மணி நேரம், ஹையர் 240. இரண்டையும் பிரித்துப் பார்த்து எது உங்களுக்குக் கைவசமோ அதை மட்டும் எழுதுங்கள். இன்னொன்று, "எப்போது வேண்டுமானாலும் தொடர்புகொள்ளலாம்" என்று எழுதும் முன் உங்கள் தலைமையாசிரியருக்கு நீங்கள் கிளம்புவது தெரியுமா? தெரியாமல் அவருக்குப் போன் போனால் இங்கேயும் சங்கடம், அங்கேயும் சங்கடம்.

ஊசல்

தெரியாது. நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. ஹையர் லெவல் புலங்கள் பகுதியில் மின்காந்தத் தூண்டல் எனக்குக் கைவந்தது. சார்பியலைத் தொட்டதே இல்லை, அதை எழுதவில்லை.

பாதிராத்திரி

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. குடும்பம். உங்கள் கணவரும் ஆசிரியரா? ஆசிரியத் தம்பதி என்றால் பள்ளிக்கு ஒரே வீட்டில் இரண்டு இடம் நிரம்பும். முதல் வரியிலேயே போடுங்கள்.

ஊசல்

இல்லை, அவர் ஆசிரியர் இல்லை. பள்ளி வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அதைச் சொல்லலாமா?

பாதிராத்திரி

சொல்லாதீர்கள். கட்டணச் சலுகை, குடும்ப விசா என்று செலவுக் கணக்கு அவர்கள் மனசில் ஓடத் தொடங்கிவிடும். நேர்காணலில் உங்களைப் பிடித்த பிறகு பேசுங்கள்.

மணிக்கூண்டு

எனக்கு இதில் மாற்றுக் கருத்து. சில நாடுகளில் வேலைக்கு வருபவர் குடும்பத்துக்கு விசா வாங்குவதே சிக்கல். கடைசி நேரத்தில் தெரிந்து ஒப்பந்தம் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் சார்ந்திருப்பவர்கள் பற்றிய கட்டம் இருந்தால் அங்கே நிரப்புங்கள், கடிதத்தில் வேண்டாம். கட்டம் இல்லாத பள்ளி என்றால் கடைசியில் ஒரு வரி போடலாம் என்பது என் எண்ணம்.

நிலாமுற்றம்

நான் பாதிராத்திரி பக்கம். அம்மா என்று தெரிந்ததும் கேள்விகள் மாறுவதைப் பார்த்தவள் நான்.

மணிக்கூண்டு

உங்கள் அனுபவத்துக்கு நான் மறுப்பு சொல்ல முடியாது. அப்பா என்று எழுதிய எனக்கு அப்படிக் கேள்வி வந்ததில்லை என்பதும் உண்மை.

விடுமுறைப்பறவை

அப்போ பாஸ்போர்ட் எண் வேண்டாமா?

பாதிராத்திரி

வேண்டாம் தம்பி. கடிதத்தில் வேண்டாம். எங்கேயும் முகம் தெரியாதவர்களுக்கு அதை அனுப்பாதீர்கள். வேலை உறுதியான பிறகு பள்ளியே கேட்கும்.

ஊசல்

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்த அளவுக்குக் கோபப்படவில்லை. "பரிந்துரை தருகிறேன், ஆனால் மார்ச் வரை வகுப்பைத் தளர விடாதே" என்றார். கடிதம் ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. மகளைப் பற்றிப் படிவத்தில் கட்டம் இருந்தது, நிரப்பிவிட்டேன். இன்று இரவு அனுப்புகிறேன். கோப்பின் பெயர் இதுவரை `Cover letter final final 3.pdf` என்றே போயிருக்கிறது, 11 பள்ளிக்கும். அதையும் இப்போதுதான் பார்த்தேன்.